நாற்பது பாக்கெட் கணக்கு

வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 200 கிராம் பாக்கெட் 75 ரூபாய். அக்கம்பக்கத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் வாரத்துக்கு ஐம்பது, அறுபது பாக்கெட் போகிறது. ஒருநாள் மளிகைக்கடைக்காரர் ஒருவர் கூப்பிடுகிறார். "பொடி நல்லாருக்கும்மா, நம்ம கடையிலயும் வைக்கலாம். எம்.ஆர்.பி.யில இருபத்தஞ்சு பர்சன்ட் எனக்கு வரணும், அவ்வளவுதான்."

75-இல் கால்வாசி போனால் மிச்சம் 56 ரூபாய் சொச்சம். ஆனால் பாக்கெட்டின் அடக்கமே 58 ரூபாய்! உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 34. கேஸும் அரைவைக் கூலியும் 5. பையும் லேபிளும் 6. வறுத்து, ஆற வைத்து, எடை போட்டு ஒட்டும் வேலைக்குக் கூலி 9. சிந்தியது, சேதம், இதர செலவு 4. கடைக்குப் போட்டால் பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் கைநட்டம். நேராக விற்றதில் 17 ரூபாய் லாபம் கண்ட அதே பொடி இது.

தப்பு கடைக்காரர் கேட்டதில் இல்லை, 75 என்று விலை வைத்ததில் இருக்கிறது. அது சில்லறை விலையே அல்ல. சில்லறை விலை என்று நினைத்துக்கொண்டு மொத்த விலைக்கு விற்றிருக்கிறார். கடையில் வைக்கும் எண்ணம் பின்னால் வரக்கூடும் என்றால், முதல் பாக்கெட்டிலேயே கடைக்காரரின் பங்குக்கு இடம் விட்டிருக்க வேண்டும். 75 தன் கைக்கு வர வேண்டுமானால் எம்.ஆர்.பி. 100.

இங்கே ஒரு கணக்கை மறுபடி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடைக்காரர் சொல்லும் 25 சதவீதம் எதன் மேல்? 100 ரூபாய் விற்பனை விலையின் மேல் என்றால் அவர் 75-க்கு வாங்குவார். கொள்முதல் விலையின் மேல் என்றால் 80-க்கு வாங்கி, அதில் கால் பங்கான 20-ஐச் சேர்த்து 100-க்கு விற்பார். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒரே இருபத்தைந்துதான், ஆனால் பாக்கெட்டுக்கு 5 ரூபாய் வித்தியாசம். அதனால் விலைப்பட்டியலில் சதவீதத்தை எழுதவே கூடாது, ரூபாயை எழுத வேண்டும்.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் உள்ளடங்கிய உச்ச விலை. அதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது, குறைத்து விற்கலாம். அச்சடித்த விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அதை உயர்த்தவும் சட்டம் விடாது. மிளகாய் விலை ஏறிவிட்டது என்று அடுத்த மாதமே மாற்ற முடியாது, கையிலிருக்கும் லேபிள் தீர வேண்டும். ஆகவே லேபிளை ஆயிரக்கணக்கில் அடிக்கும் முன் இந்த 100-ஐ நன்றாக யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

இனி, குறைந்தபட்சம் எத்தனை பாக்கெட் வாங்கினால் 75 ரூபாய் விலை? பலர் ஒரு டஜன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். வெளியூர்க் கடைக்கு ஒருமுறை சரக்கு அனுப்ப என்ன ஆகிறது என்று பாருங்கள். அட்டைப்பெட்டியும் டேப்பும் 30, பார்சல் சர்வீஸில் ஒரு பெட்டிக்கு 100, அங்கே கொண்டுபோக ஆட்டோ 80, பில் போட்டு அடுக்கிக் கட்டும் கூலி 90. மொத்தம் 300 ரூபாய். பெட்டியில் 12 பாக்கெட் இருந்தாலும் 40 இருந்தாலும் இந்தச் செலவு கிட்டத்தட்ட அப்படியேதான். 12 பாக்கெட்டில் லாபம் 204, அனுப்பும் செலவு 300. ஆர்டர் வந்ததே நட்டம். 18 பாக்கெட்டில்தான் கை கடிக்காமல் தப்பலாம். 40 அனுப்பினால் 680-இல் 300 போக 380 நிற்கும். பெட்டிக்கும் சரியாக 40 பாக்கெட் பிடிக்கிறது என்றால், ஒரு பெட்டிதான் குறைந்தபட்ச ஆர்டர். 35, 45 என்று வைத்தால் பெட்டி குலுங்கும், அல்லது இன்னொரு பெட்டி தேவைப்படும்.

அதற்காக 100 என்று ஏற்றிவிடவும் முடியாது. பொடி மூன்று மாதச் சரக்கு என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 10 விற்கும் கடையில் 40 பாக்கெட் ஒரு மாதத்தில் தீரும். வாரத்துக்கு 4 விற்கும் கடையில் பத்து வாரம் கிடக்கும். கடைசிப் பாக்கெட்டை எடுப்பவர் தேதியைப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுவார். அது ரிட்டனாக வந்தால் 58 ரூபாய் முழுசாகப் போச்சு. அப்படிப்பட்ட சின்னக் கடைக்குப் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று நாலு வகையில் பத்துப் பத்தாகக் கலந்து ஒரு பெட்டி தரலாம். முதல் தடவை மட்டும் 20 பாக்கெட், கடைக்காரரே வந்து எடுத்துக்கொள்வது என்றும் வைக்கலாம். அனுப்பும் செலவு இல்லாததால் விலையைக் கூட்ட வேண்டியதில்லை.

நிறைய எடுத்தால் எவ்வளவு குறைப்பது? மூன்று தடவையாக 40, 40 என்று அனுப்பினால் செலவு 900. ஒரே தடவையில் மூன்று பெட்டி அனுப்பினால், பெட்டிக்கு 90, பார்சலுக்கு 300, ஆட்டோ 80, கூலி 90 என்று 560. மிச்சம் 340 ரூபாய். 120 பாக்கெட்டுக்குப் பிரித்தால் 2 ரூபாய் 83 காசு. எனவே 3 ரூபாய் குறைத்தால், பெரிய ஆர்டர் என்ற சந்தோஷம் இருக்கும், 20 ரூபாய் போயிருக்கும். 2 ரூபாய் குறைத்தால் கடைக்காரருக்கும் லாபம், நமக்கும் 100 ரூபாய் கூடுதல்.

ஆக, பட்டியல் இப்படி வரும்:

சில்லறை: 1 பாக்கெட் 100 ரூபாய்
40 முதல்: பாக்கெட் 75 ரூபாய்
120 முதல்: பாக்கெட் 73 ரூபாய்
விநியோகஸ்தருக்கு, 400 முதல், நேரில் எடுத்துச்செல்ல: பாக்கெட் 68 ரூபாய்

விநியோகஸ்தர் 68-க்கு வாங்கிக் கடைக்கு 75-க்குப் போடுவார். அவர் சுற்றும் பகுதியிலுள்ள கடைக்கு நாமே 73-க்குக் கொடுத்தால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

பட்டியலில் பெரும்பாலும் கோட்டைவிடுவது முதல் வரியைத்தான். கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகும் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் 80, 85-க்கு விற்பது வழக்கம். வாடிக்கையாளர் அந்தச் செய்தியைக் கடையில் காட்டி, "நீங்க மட்டும் ஏன் நூறு?" என்று கேட்பார். அடுத்த ஆர்டர் வராது, காரணமும் சொல்ல மாட்டார்கள். தீபாவளிக்குச் சலுகை தர விரும்பினால் கடையில் இல்லாத அளவிலோ, மூன்று பொடி சேர்ந்த பெட்டியாகவோ தரலாம். கடையிலிருக்கும் அதே பாக்கெட்டை வீட்டு வாசலிலும் 100-க்குத்தான் விற்க வேண்டும்.

பழக்கத்தில் கேட்பவர்களுக்கும் இந்தப் பட்டியலே பதில். "அக்கா, கடைக்குக் குடுக்குற ரேட்டையே எனக்கும் போடுங்களேன், அஞ்சு எடுத்துக்கறேன்" என்றால் முகம் முறிக்க வேண்டியதில்லை. "தாராளமா போடறேன் தங்கச்சி, நாப்பது எடுத்தா அந்த ரேட்டுதான்." எண் எல்லாருக்கும் ஒன்று என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

கடைசியாக, பட்டியலின் அடியில் மூன்று வரி எழுதுங்கள்: இந்த விலை ரொக்கத்துக்கு, விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பது இல்லை, எந்தத் தேதி வரை செல்லும். எம்.ஆர்.பி.யை நினைத்தபோது மாற்ற முடியாது. பருப்பு விலை ஏறும் மாதத்தில் உங்கள் கையிலிருப்பது இந்த மொத்த விலைதான். தேதி போடாத பட்டியலை ஆறு மாதம் கழித்தும் எடுத்துக் காட்டி, 75-க்கே கேட்பார்கள்.