வெற்றுச் சுவரில் ஒரு ஜன்னல்

வெற்றுச் சுவரின் புகைப்படத்தில் ஜன்னலை ஒட்டினால், அது பெரும்பாலும் சுவரொட்டிபோலத்தான் நிற்கும். சுவரின் கனம் தெரியாததே காரணம்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். 4 அடி அகல ஜன்னல். சட்டம் 5 அங்குலம் உள்ளே இருக்கிறது. கேமரா நேரெதிரே 15 அடியில். கண்மட்டம் ஜன்னலின் நடுவில் இருந்தால் லிண்டலின் அடிப்புறமும் கீழ்ப்படியின் மேற்புறமும் தெரியும். ஆனால் நான்கு ஓரத்திலும் கனம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகவே படும். புதியவர்கள் இதைத்தான் தடிமனாக வரைந்து கெடுக்கிறார்கள்.

ஆழத்தை உண்மையில் சொல்வது நிழல். வெயில் சுவருக்கு நேரெதிரே 45 டிகிரி உயரத்திலிருந்து விழுந்தால், லிண்டலின் நிழல் சட்டத்தின் மேல் 5 அங்குலம் இறங்கும். மேகமூட்டப் படமென்றால் இந்தக் கூர்மையான கோடு கூடாது. மூலைகளில் மெல்லிய கருமை போதும்.

லிண்டல் இருபுறமும் சுவருக்குள் ஏறக்குறைய அரையடி நுழைந்திருக்கும். பூசாத செங்கல் சுவரில் அதைக் காட்டாவிட்டால், மேலிருக்கும் செங்கற்கள் அந்தரத்தில் தொங்கும்.