குறிக்கோள் கெழு மாறும்போது உகந்த முனையின் நகர்வு: வீச்சு எதற்கு உரியது?

முன்னுரை

நேரியல் திட்டமிடலில் குறிக்கோள் சார்பின் ஒரு கெழுவைத் தொடர்ந்து உயர்த்தினால், உகந்த முனை ஓரிடத்தில் நிலைத்து நின்று, குறிப்பிட்ட மதிப்பில் அடுத்த முனைக்குத் தாவுகிறது. ஒரு முனை உகந்ததாக நீடிக்கும் கெழு வீச்சினைக் கணினி அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்தெழுதுவது ஆய்வாளர் வழக்கம். அவ்வீச்சு முனைக்கு உரியதன்று. அடிமாறித் தொகுதிக்கே உரியது என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது.

முனைகளின் வரிசை

பின்வரும் கணக்கில் c மட்டும் மாறுகிறது.

```
max z = c x + 2y
(1)  x + 2y ≤ 14
(2)  x + y ≤ 8
(3)  2x + y ≤ 14
x, y ≥ 0
```

c = 1.5 எனில் உகந்த முனை (2, 6). அங்கு முதலிரு கட்டுப்பாடுகளும் சமன்பாடாக நிறைவேறுகின்றன. அவற்றின் நிழல் விலைகள் u1 = 2 − c, u2 = 2c − 2. இரண்டும் குறை எண் ஆகாதிருக்க 1 ≤ c ≤ 2 ஆதல் வேண்டும். c இரண்டைக் கடந்ததும் u1 குறை எண்ணாகிறது. முதற் கட்டுப்பாட்டின் தளர்வு மாறி s1 அடிமாறியாக நுழைகிறது. s1 உயர்கையில் x = 2 + s1, y = 6 − s1, s3 = 4 − s1 ஆகின்றன. s1 = 4 என்னும்போது s3 சுழியாகி வெளியேற, புதிய முனை (6, 2) கிடைக்கிறது. இவ்வாறே தொடர்ந்தால் முழு வரிசையும் அமைகிறது.

```
c ≤ 1        (0, 7)   z = 14
1 ≤ c ≤ 2    (2, 6)   z = 2c + 12
2 ≤ c ≤ 4    (6, 2)   z = 6c + 4
c ≥ 4        (7, 0)   z = 7c
```

மாறும் புள்ளிகளில் இரு முனைகளும் ஒரே z மதிப்பைத் தருகின்றன. அவற்றை இணைக்கும் விளிம்பு முழுவதும் உகந்ததாகிறது. எனவே முனை தாவினாலும் z முறிவின்றித் தொடர்கிறது. ஒவ்வொரு துண்டிலும் அதன் சாய்வு, உகந்த x மதிப்பே ஆகும்.

பொய்யான முறிவு

இக்கணக்கில் 3x + 2y ≤ 22 என்னும் நான்காம் கட்டுப்பாட்டைச் சேர்ப்போம். அது (6, 2) வழியே செல்கிறது. ஆனால் தீர்வுப் பகுதியைச் சிறிதும் குறைப்பதில்லை. இப்போது s1 நுழையும்போது s4 = 4 − s1 ஆதலால், s3, s4 இரண்டும் ஒருங்கே சுழியாகின்றன. s4 வெளியேறினால் நிழல் விலைகள் u2 = 6 − 2c, u4 = c − 2 ஆகும்; அறிக்கை 2 ≤ c ≤ 3 என்னும் வீச்சையே தரும். s3 வெளியேறியிருந்தால் u2 = 4 − c, u3 = c − 2 ஆகி, 2 ≤ c ≤ 4 என்னும் முழு வீச்சும் கிடைத்திருக்கும். முனை ஒன்றே, வீச்சுகள் இரண்டு.

c = 3 என்பதைத் திட்டம் மாறும் புள்ளியாகக் கொள்வது பிழை. அம்மதிப்பைக் கடந்ததும் s2 நுழைகிறது. ஆனால் s3 ஏற்கெனவே சுழியாதலால் நகர்வின் அளவும் சுழியாகிறது. அடிமாறிகள் மாறுகின்றன, முனை மாறுவதில்லை.

முடிவுரை

விகிதச் சோதனையில் இரு மாறிகள் ஒருங்கே சுழியாவதும், அடிமாறி ஒன்றின் மதிப்பு சுழியாக இருப்பதும் இந்நிலையின் அறிகுறிகள். அப்போது வீச்சின் எல்லையைச் சற்றே கடந்த c மதிப்பிற்கு மீண்டும் தீர்வு காணல் வேண்டும். x மாறாதிருந்தால் z இன் சாய்வும் மாறவில்லை. அவ்வெல்லை அடிமாறித் தொகுதியின் எல்லை மட்டுமே. அடுத்தடுத்த வீச்சுகளை இணைத்த பின்னரே அம்முனையின் உண்மையான வீச்சு கிடைக்கும்.