ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் போதுமா?

வீட்டு மின் அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏறும் ரீடிங் ஒருபோதும் குறையக் கூடாது. வீடு பூட்டியே கிடந்தால் போன தடவை இருந்த எண்ணே மறுபடியும் வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் 4310, 4890, 4475, 4660 என்று எழுதியிருந்தால்? 4890க்கு அடுத்து 4475 வருகிறது. மீட்டர் பின்னோக்கி ஓடாது. யாரோ ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் கணக்கு நேராகிவிடுமா என்பதுதான் கேள்வி.

நிரல் எழுதுபவர்களுக்கு இது பழகிய கணக்கு. லீட்கோட் தளத்தில் 665ஆம் எண்ணில் இருக்கிறது. எண்களின் ஒரு வரிசையைத் தருவார்கள். அதிகபட்சம் ஓர் எண்ணை, எந்த மதிப்பாக வேண்டுமானாலும், மாற்றலாம். அப்படி மாற்றி வரிசையை எங்குமே குறையாததாக ஆக்க முடியுமா, முடியாதா? பதில் ஒரு சொல்தான். பார்க்க எளிது, ஆனால் அவசரப்படுபவர்கள் பெரும்பாலும் முதல் முயற்சியில் சறுக்கும் கணக்கு இது.

சறுக்குவது இங்கேதான். எத்தனை இடத்தில் எண் இறங்குகிறது என்று எண்ணுவோம். ஓர் இறக்கம் வரை இருந்தால் சரி, அதற்கு மேல் போனால் முடியாது என்று முடிவு கட்டுவோம் எனத் தோன்றும். இதில் பின்பாதி சரி. ஓர் எண்ணை மாற்றினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஜோடிகள் மட்டுமே பாதிக்கப்படும். தள்ளித் தள்ளி இரண்டு இறக்கங்கள் இருந்தால் இரண்டுக்கும் பொதுவான எண்ணே கிடையாது. 9, 6, 2 என்று ஒட்டி ஒட்டி வந்தால் நடுவில் உள்ள 6 பொதுவானதுதான். ஆனாலும் முதலில் 9, கடைசியில் 2 நிற்கும்போது நடுவில் எதை வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். ஆகவே இரண்டு இறக்கம் என்றால் பதில் இல்லைதான், மேலே யோசிக்கவே வேண்டாம்.

முன்பாதிதான் பொய். 4310, 4475, 12, 190 என்ற ரீடிங்கைப் பாருங்கள். இறக்கம் ஒன்றே ஒன்று, 4475க்கும் 12க்கும் நடுவில். 4475ஐக் குறைத்துச் சரிசெய்யப் பார்த்தால், அது 4310க்குக் கீழே போக முடியாது. 12க்கு மேலேயும் இருக்க முடியாது. சரி, 12ஐ உயர்த்தலாமென்றால் 4475 ஆவது இருக்க வேண்டும், ஆனால் அடுத்து நிற்பது 190. எந்தப் பக்கமும் வழியில்லை. காரணமும் புரிகிறது: இங்கே யாரும் ஓர் எண்ணைத் தப்பாக எழுதவில்லை, பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிந்தைய வரிசை முழுவதுமே கீழிறங்கிவிட்டது. ஓர் எண் மட்டும் பிசகியிருப்பதும், ஒரு பகுதியே இடம் பெயர்ந்திருப்பதும் ஒரே ஓர் இறக்கமாகத்தான் கண்ணில் படும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் கணக்கின் சாரம்.

பிரித்தறிய நான்கு எண்கள் போதும். இறக்கம் நடந்த இடத்தில் உள்ள இரண்டு, அவற்றுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றை வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். ஆ பெரியது, இ சிறியது, அதுதான் இறக்கம். ஆவைத் திருத்த வேண்டுமென்றால் அது அவுக்கும் இக்கும் நடுவில் அடங்க வேண்டும். அதற்கு அ, இயைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இயைத் திருத்த வேண்டுமென்றால், அதே போல ஆ, ஈயைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று உண்மையானால் போதும். முதலில் பார்த்த 4310, 4890, 4475, 4660இல் 4310 என்பது 4475க்குக் கீழேதான். ஆகவே 4890ஐ, சொல்லப்போனால், 4400 என்று மாற்றினால் வரிசை நேராகிவிடும்.

இறக்கம் வரிசையின் தொடக்கத்திலேயே வந்தால் அ கிடையாது. முதல் எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், தடுக்க ஆளில்லை. கடைசியில் வந்தால் ஈ கிடையாது. கடைசி எண்ணைத் தாராளமாக உயர்த்தலாம். இரண்டிலும் பதில் ஆம். பைத்தான் மொழியில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
def check(a):
    n = len(a)
    drop = -1
    for i in range(1, n):
        if a[i-1] > a[i]:
            if drop != -1:
                return False
            drop = i
    if drop <= 1 or drop == n - 1:
        return True
    return a[drop-2] <= a[drop] or a[drop-1] <= a[drop+1]
```

`drop` என்பது இறக்கத்தில் சிறிய எண் நிற்கும் இடம். அது -1 ஆகவே இருந்துவிட்டால் இறக்கமே இல்லை என்று பொருள். 1 என்றால் இறக்கம் தொடக்கத்தில். இரண்டையும் `drop <= 1` ஒன்றே பார்த்துக்கொள்கிறது.

அந்த வரியில் `drop <= 1` என்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது சுவாரஸ்யமானது. 4, 2, 3 என்ற வரிசையைக் கொடுங்கள். 4ஐ 2 ஆக்கினால் முடிந்தது, பதில் ஆம். ஆனால் நிரல் `a[drop-2]`, அதாவது `a[-1]`ஐத் தேடும். ஜாவாவில் இப்படிக் கேட்டால் நிரல் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். பைத்தானிலோ -1 என்றால் கடைசி எண். எந்தச் சத்தமும் இல்லாமல் 3ஐ எடுத்து 2உடன் ஒப்பிட்டு, பிறகு 4ஐ 3உடன் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தவில்லை என்று தவறான பதிலைத் தரும். ஆகவே சோதித்துப் பார்ப்பவர்கள் மூன்று எண் வரிசையில் முதல் இடத்தில் இறக்கம் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒவ்வோர் எண்ணாக நீக்கிவிட்டு மீதி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தாலும் சரியான விடையே கிடைக்கும். ஆனால் 10,000 எண்கள் இருந்தால் கிட்டத்தட்ட 10 கோடி ஒப்பீடுகள் வரை போகும். மேலே உள்ள நிரல் வரிசையை ஒரே ஒருமுறை நடந்து முடித்துவிடுகிறது. கொடுத்த வரிசையில் எதையும் மாற்றுவதும் இல்லை. பலர் எழுதும் இன்னொரு வடிவம் போகிற போக்கில் எண்களைத் திருத்திக்கொண்டே போகும்; விடை சரிதான், ஆனால் கேட்டவரின் தரவு கெட்டுப்போகும். ஆமா இல்லையா என்று கேட்டதற்கு ஏட்டையே திருத்திக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

இந்தச் சோதனை சொல்லாத ஒன்றும் உண்டு. 4310, 4475, 4390, 4660 என்று இருந்தால் இரண்டு நிபந்தனையும் உண்மை. 4475 தவறாக இருக்கலாம், 4390 தவறாக இருக்கலாம். திருத்த முடியும் என்று மட்டுமே நிரல் சொல்லும். எது பிழை என்று அதற்குத் தெரியாது. அதற்கு மீட்டரையோ பழைய பில்லையோ பார்க்க வேண்டியதுதான்.

சமமான எண்கள் வரக் கூடாது, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாகவே இருக்க வேண்டும் என்று விதியை இறுக்கினால் கணக்கு கொஞ்சம் மாறும். 1, 5, 2, 2 என்ற வரிசையை முதல் விதிப்படி சரிசெய்யலாம், 5க்குப் பதில் 2 போட்டால் போதும். இறுக்கிய விதியில் 5, 2 ஓர் இடத்திலும் 2, 2 இன்னோர் இடத்திலும் இடிப்பதால் முடியாது. 0, 1, 5, 2, 3இலோ இடிப்பது ஒரே இடத்தில்தான். 5ஐ நீக்கிவிட்டால் மீதி ஒழுங்காகவும் இருக்கிறது. ஆனால் 1க்கும் 2க்கும் நடுவில் போட முழு எண் எதுவும் இல்லை. ஆகவே இறுக்கிய விதியில், முழு எண்களை மட்டும் அனுமதித்தால், அவைவிட இ குறைந்தது 2 அதிகமாக, அல்லது ஆவைவிட ஈ குறைந்தது 2 அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.