மண் மாதிரி எடுக்கக் கட்டத்தின் இடைவெளி எவ்வளவு?

ஒரு நிலத்தின் பொட்டாசியச் சத்தை அறிய வேண்டுமானால் சில இடங்களில் மண் எடுத்துச் சோதிக்கிறோம். நிலம் முழுவதையும் சம சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடங்களில் மண் எடுப்பது ஒரு நல்ல முறை. ஆனால் கட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? நெருக்கினால் சோதனைச் செலவு ஏறுகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் மாதிரிகள் நான்கு மடங்காகும். அதனால் கிடைக்கும் துல்லியம் நான்கு மடங்காகுமா? இதற்கான விடை நிலத்தின் பரப்பில் இல்லை. அந்த மண்ணின் இயல்பில் இருக்கிறது.

அருகருகே உள்ள இரண்டு இடங்களின் மண் பெரும்பாலும் ஒத்திருக்கும். தொலைவு கூடக் கூட ஒற்றுமை குறையும். இதை எண்ணால் சொல்ல ஒரு வழி உண்டு. குறிப்பிட்ட தொலைவில் உள்ள எல்லா மாதிரி இணைகளையும் எடுத்துக் கொள்க. ஒவ்வோர் இணையின் வேறுபாட்டையும் இருபடியாக்கி, சராசரி கண்டு, அதைப் பாதியாக்குக. பல தொலைவுகளுக்கு இவ்வாறு கணக்கிட்டு வரைபடம் தீட்டினால் கிடைப்பதே வேரியோகிராம் எனப்படும் கோடு. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தாதுவின் தரத்தை மதிப்பிட டேனியல் கிரிகே என்ற பொறியாளர் 1951இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த துறை இது. பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் 1960களில் இதற்குக் கணித வடிவம் தந்தார்.

இந்தக் கோட்டில் மூன்று செய்திகளைக் காணலாம். தொலைவு கூடும்போது கோடு ஏறுகிறது. ஓர் எல்லையை அடைந்ததும் ஏறாமல் நின்றுவிடுகிறது; அந்த எல்லைக்கு அப்பால் உள்ள இரு இடங்களுக்குள் எந்த உறவும் இல்லை. அதனை உறவுத் தொலைவு என்போம். மூன்றாவது செய்தி வியப்பானது: கோட்டை இடப்புறம் நீட்டினால், தொலைவு பூஜ்யமாகும் இடத்திலும் அது பூஜ்யத்தைத் தொடுவதில்லை. ஒரு சிறு உயரம் எஞ்சுகிறது. சுரங்கத்தில் ஓரிடத்தில் தங்கக் கட்டி கிடைக்க, ஓர் அடி தள்ளி ஒன்றும் இல்லாமற் போகலாமல்லவா? அதனால் இந்த எச்சத்திற்கு ‘நக்கெட்’, அதாவது தங்கக் கட்டி, என்றே பெயர். மண்ணில் இது சில அடிகளுக்குள் நிகழும் மாறுதலும், ஆய்வுக்கூடச் சோதனையின் பிழையும் சேர்ந்தது.

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் புரூம்ஸ் பார்ன் என்ற பண்ணை உள்ளது. ஏறத்தாழ 77 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலத்தில் 40 மீட்டர் கட்டங்களில் 430க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுக்கப்பட்டன. அம்முடிவுகளை வெப்ஸ்டர், மெக்பிராட்னி ஆகிய இருவரும் ஆராய்ந்து 1987இல் வெளியிட்டனர். பொட்டாசிய அளவின் மடக்கையைக் கொண்டு பார்த்தால், உறவுத் தொலைவு சுமார் 430 மீட்டர்; மொத்த மாறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு நக்கெட். கணக்கிற்கு எளிதாக, மொத்த மாறுபாட்டை 100 என்று வைத்துக் கொள்வோம். நக்கெட் 25 ஆகிறது. எங்கும் சோதிக்காமல் பண்ணையின் சராசரியையே ஓரிடத்தின் மதிப்பாகச் சொன்னால் நேரும் பிழை √100, அதாவது 10 அலகு.

இப்போது 80 மீட்டர் கட்டத்தைக் கருதுவோம். மாதிரிகளிலிருந்து மிகவும் விலகியிருப்பது கட்டத்தின் நடுப்புள்ளி. நான்கு மூலைகளின் சராசரியைக் கொண்டு அதன் மதிப்பைச் சொல்கிறோம். நடுவிலிருந்து மூலைக்கு 57 மீட்டர். அத்தொலைவில் கோட்டின் உயரம் 39.7. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை 80 மீட்டர். அங்கு உயரம் 45.7. எதிர் மூலை 113 மீட்டர், அங்கு 53.9. பிழையின் இருபடிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நடுப்புள்ளி மூலைகளை விட்டு விலகியிருப்பதால் வரும் இழப்பு 2 × 39.7 = 79.4. மூலைகள் தமக்குள் வேறுபட்டு, தனித்தனிச் செய்தி தருவதால் கிடைக்கும் ஆதாயம் (0 + 45.7 + 45.7 + 53.9) ÷ 4 = 36.3. இதில் முதலாவதாக உள்ள 0, ஒரு மூலை தன்னோடு தான் சேரும் இணைக்குரியது. இழப்பிலிருந்து ஆதாயத்தைக் கழித்தால் 43.1. அதன் வர்க்கமூலம், அதாவது பிழை, சுமார் 6.6 அலகு.

இதே முறையில் 40 மீட்டர் கட்டத்திற்குப் பிழை 6.1, 160 மீட்டர் கட்டத்திற்கு 7.5. மாதிரிகளின் எண்ணிக்கையோ முறையே சுமார் 430, 110, 27! 110இலிருந்து 430க்குச் செல்ல நான்கு மடங்கு செலவிடுகிறோம். பிழையில் குறைவது அரை அலகுதான். எவ்வளவு நெருக்கினாலும் நக்கெட் அப்படியே நிற்பதுதான் காரணம். அதைக் குறைக்க வேறு வழி உண்டு. ஒவ்வொரு கட்டப் புள்ளியையும் சுற்றிச் சில அடிகளுக்குள் பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுத்து, நன்றாகக் கலந்து, ஒரே மாதிரியாகச் சோதிக்கலாம். சோதனைச் செலவு கூடாமலே சிற்றிட மாறுதல் சராசரியாகிவிடும். சோதனையின் பிழை மட்டும் இதனால் குறையாது. அதற்குச் சோதனையையே திரும்பச் செய்ய வேண்டும்.

பண்ணை முழுவதன் சராசரி மட்டும் தேவையென்றால் கட்டமுறையின் பலன் இன்னும் பெரிது. தற்செயலாகத் தேர்ந்த இடங்களானால், பிழையின் இருபடி மொத்த மாறுபாட்டை எண்ணிக்கையால் வகுத்தது. கட்டமுறையிலோ ஒவ்வொரு மாதிரியும் தன் சிறு சதுரத்திற்கு மட்டுமே பதில் சொல்கிறது. 80 மீட்டர் சதுரத்தின் நடுவில் எடுத்த ஒரு மாதிரிக்கு இந்தப் பிழை இருபடி 100 அன்று, சுமார் 30தான். ஆகவே 110 கட்ட மாதிரிகள் சுமார் 365 தற்செயல் மாதிரிகளின் வேலையைச் செய்கின்றன. வழக்கமான சூத்திரத்தைக் கட்டமுறைக்குப் பயன்படுத்துவோர் தம் முடிவின் பிழையை மிகைப்படுத்திக் கொள்கின்றனர்.

ஆனால் கட்டமுறைக்கு ஒரு கண்ணி உண்டு. 25 அடி இடைவெளியில் வைத்த தென்னந்தோப்பில் 75 அடிக் கட்டம் அமைத்தால் என்ன ஆகும்? முதல் புள்ளி எரு இட்ட வட்டப்பாத்தியில் விழுந்தால் எல்லாப் புள்ளிகளும் பாத்தியிலேயே விழும். எண்கள் அழகாக ஒத்துப்போகும். விடை மட்டும் தவறாக இருக்கும். கட்டக் கோடுகளை மர வரிசைக்குச் சாய்வாகத் திருப்புவதும், மரங்களின் இடைவெளியோடு பொருந்தாத எண்ணைத் தேர்வதும் இதற்கு மாற்று. கட்டத்திற்கு வெளியே சில இடங்களில் மண் எடுத்து ஒப்பிட்டால் குறை தெரிந்துவிடும்.

மண் எடுக்குமுன் வேரியோகிராமை எப்படி அறிவது? முழு நிலத்தில் இறங்குமுன் 5, 15, 50, 150 மீட்டர் என மடங்கு மடங்காக விலகும் புள்ளிகளில் ஒரு முன்னோட்டம் நடத்தலாம். அமெரிக்காவில் யூடன், மேலிக் இருவரும் 1937இலேயே இத்தகைய ஏற்பாட்டைக் கையாண்டனர். இதிலிருந்து கிடைப்பது கோட்டின் குத்துமதிப்பான உருவமே. நம்பத்தக்க கோட்டிற்கு நூறு புள்ளிகளாவது வேண்டும். எனினும் எந்தத் தொலைவில் மாறுதல் மிகுதி என்பது தெரிந்துவிடும். 5 மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி மாறிவிட்டால், கட்டத்தை நெருக்குவதை விடுத்து மண்ணைக் கலந்து சோதியுங்கள். 50 மீட்டருக்கு மேல்தான் மாறுகிறதென்றால், 10 மீட்டர் கட்டம் போடுவது பணத்தை மண்ணில் கொட்டுவதே ஆகும்.