காப்புறுதியை ஒப்படைக்குமுன் கேட்கவேண்டிய கணக்கு

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்ந்தது. நாயாறு போன்ற கரையோரங்களில் வெளியிணைப்பு இயந்திரப் படகையே நம்பித் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு அது பேரிடியாக விழுந்தது. இத்தகைய நெருக்கடியில் முதலில் நினைவுக்கு வருவது மாதந்தோறும் செலுத்திவரும் சேமிப்புக் காப்புறுதியே. கட்டிய பணத்தையாவது திரும்பப் பெறலாம் என்று எண்ணிக் கிளை அலுவலகத்துக்குச் செல்பவர், எதிர்பார்த்ததில் பாதியளவே கிடைக்கும் என்று அறிந்து திகைக்கிறார். இந்தத் திகைப்புக்குக் காரணம் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

நாயாற்று மீனவர் ஒருவர் 15 ஆண்டுத் திட்டமொன்றில் 9 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்து, மாதம் 5,000 ரூபா வீதம் 6 ஆண்டுகள் செலுத்தியுள்ளார் எனக் கொள்வோம். அவர் செலுத்தியது 3,60,000 ரூபா. நிறுவனம் முதலில் கணக்கிடுவது, 15 ஆண்டில் 6 ஆண்டு செலுத்தியதற்குரிய காப்புறுதித் தொகையின் பங்கை. அதுவும் 3,60,000 ரூபாவே. இதனுடன் சேர்ந்துள்ள இலாபப் பங்கு 1,08,000 என்றால் மொத்தம் 4,68,000. ஆனால் இது முதிர்வின்போது கிடைக்கவேண்டிய தொகை. இன்றே வேண்டுமெனில் அந்த ஆண்டுக்குரிய ஒப்படைப்பு விகிதத்தால் அது குறைக்கப்படும். விகிதம் 45 வீதம் எனில், கையில் கிடைப்பது 2,10,600 ரூபா. முகவர்கள் 'சரண்டர் வெலியூ' என்று சொல்வது இதனையே. எஞ்சிய வித்தியாசத்தில் முகவருக்கான தரகு, நிர்வாகச் செலவு, இத்தனை ஆண்டுகள் உயிருக்கு அளித்த பாதுகாப்பின் விலை ஆகியன அடங்கியுள்ளன. தரகு பெரும்பாலும் ஆரம்ப ஆண்டுகளிலேயே கூடுதலாக அறவிடப்படுவதால், முதல் சில ஆண்டுகளில் ஒப்படைப்புப் பெறுமதி எதுவுமே இல்லாதிருப்பதும் உண்டு.

ஒப்படைத்தால் பாதுகாப்பு அன்றே முடிந்துவிடும். கடலுக்குச் செல்பவருக்கு இது சிறிய விடயமன்று. எனவே பலர் கடனை நாடுகின்றனர். ஒப்படைப்புப் பெறுமதியின் 80 வீதத்தைக் கடனாகத் தரும் திட்டமெனில் மேற்கூறியவருக்கு 1,68,480 ரூபா கிடைக்கும், காப்புறுதியும் தொடரும். இங்கேயே கவனம் தேவை. ஆண்டு வட்டி 14 வீதமாக முதலுடன் சேர்க்கப்பட்டு, அவர் கட்டுப்பணத்தையும் செலுத்தாது விட, நிறுவனம் அதனையும் கடனில் சேர்த்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதலாண்டு முடிவில் கடன் 2,52,067 ரூபா. அப்போதைய ஒப்படைப்புப் பெறுமதி, 50 வீத விகிதத்தில், 2,73,000. இரண்டாம் ஆண்டு முடிவில் கடன் 3,47,356 ஆகிவிடும். பெறுமதியோ 55 வீத விகிதத்தில் 3,43,200 மட்டுமே. கடன் பெறுமதியை மிஞ்சிய அக்கணமே காப்புறுதி காலாவதியாகும். எட்டாண்டுச் சேமிப்பு, வட்டியில் கரைந்துபோகும். கட்டுப்பணத்தையும் வட்டியையுமாவது செலுத்த வழியுள்ளவருக்கே கடன் ஏற்றது.

மேற்காட்டிய விகிதங்கள் விளக்கத்துக்கானவை. உண்மையான விகிதங்கள் நிறுவனத்துக்கும் திட்டத்துக்கும் ஏற்ப வேறுபடும். ஆதலால் வாய்மொழி விடையை நம்பாது, ஒப்பந்த இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் குறிப்பிட்டு, தமிழிலேயே கடிதம் எழுதிப் பதிலையும் எழுத்தில் பெறவேண்டும். கடிதத்தில் ஒரு திகதியைக் குறிப்பிட்டு, அத்திகதிக்குரிய ஒப்படைப்புப் பெறுமதி, அதில் இலாபப் பங்கு எவ்வளவு, கழிக்கப்படும் கட்டணங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு எனக் கேட்கலாம். கடனைப் பொறுத்தவரை உச்சத்தொகை, வட்டி வீதம், அது எத்தனை மாதத்துக்கொருமுறை முதலுடன் சேர்க்கப்படுகிறது, வீதம் இடையில் மாறுமா, காலாவதியாகுமுன் அறிவித்தல் அனுப்பப்படுமா என்பவற்றைக் கேட்பது அவசியம். முதலீட்டு நிதியுடன் இணைந்த திட்டமாயின் நிதி முகாமைத்துவக் கட்டணத்தையும், மாதந்தோறும் கழிக்கப்படும் ஆபத்துக் கட்டணத்தையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. மேலும் கட்டுப்பணம் செலுத்தாது, குறைந்த காப்புறுதித் தொகையுடன் முதிர்வுவரை திட்டத்தை வைத்திருப்பதே அது. நமது மீனவருக்கு அத்தொகை 3,60,000 ரூபாவும் ஏற்கெனவே சேர்ந்த இலாபப் பங்கும் ஆகும். மேலதிக விபத்துப் பாதுகாப்பு அப்போதும் நிலைக்குமா என்பதைக் கேட்டுத் தெளிந்தபின்னரே இம்முடிவை எடுக்கவேண்டும்.

கணக்கை மட்டும் கேட்கும்போது, ஒப்படைப்பு விண்ணப்பத்திலோ வெற்றுப் படிவத்திலோ கையொப்பமிடுதல் கூடாது. பெறுமதியைத் தெரிந்துகொள்ள அது தேவையற்றது. கையொப்பமிட்டால் திட்டமே முடிவுறக்கூடும். கடிதத்துக்கு விடை தராவிடினோ, விடை தெளிவற்றதாயினோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம், அனுப்பிய கடிதத்தின் பிரதியுடன் முறையிடலாம். அந்தப் பிரதி இல்லாவிடின் முறைப்பாடு வலுவிழக்கும் என்பதை மறத்தலாகாது.