கழுகும் பருந்தும்

ஒரு சித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு, அதைத் தீட்டியவருடைய அந்தரங்க வாழ்க்கையை அறிந்துவிட முடியுமா? முடியும் என்று 1910-ல் ஒரு நூலே எழுதினார், வியன்னா நகரத்து மனோதத்துவ நிபுணரான ஸிக்மண்ட் பிராய்டு. அவர் எடுத்துக்கொண்ட சைத்ரிகர் இத்தாலிய மேதை லியனார்டோ டா வின்ஸி.

பாரிஸ் லூவர் மாளிகையிலுள்ள அச்சித்திரத்தில், அன்னாள் என்ற மூதாட்டியின் மடியில் அவளுடைய மகள் மரியாள் அமர்ந்திருக்கிறாள். மரியாளோ குழந்தை இயேசுவை நோக்கிக் குனிகிறாள். பாட்டியும் தாயும் ஏறக்குறைய ஒரே வயதினராகத் தோன்றுவதைப் பிராய்டு கண்டார். லியனார்டோ, முறைப்படி மணந்துகொள்ளாத பெற்றோருக்கு 1452-ல் பிறந்தவர். ஐந்தாவது வயதில் அவர் பாட்டனார் வீட்டிலிருந்ததாக 1457-ஆம் ஆண்டு வரிக்கணக்கு காட்டுகிறது. ஆகவே, பெற்ற தாயும் சிற்றன்னையுமாகிய இரு தாயரே சித்திரத்தில் தோன்றுகின்றனர் என்றும், அவர்களுடைய புன்னகை பெற்ற தாயின் புன்னகையே என்றும் அவர் முடிவு கட்டினார்.

இம்முடிவுக்கு அவர் கொண்ட முக்கிய சான்று, லியனார்டோ எழுதி வைத்த ஒரு பால்ய நினைவு. தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து, தன் வாலால் அவர் வாயைத் திறந்ததாம். பிராய்டு படித்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அப்பறவை பிணந்தின்னும் கழுகு என்றிருந்தது. பண்டை எகிப்தியரின் தாய்த் தெய்வத்துக்குக் கழுகு முகம் உண்டு. கழுகுகளில் ஆணே இல்லை என்ற கட்டுக்கதையும் உண்டு. எனவே கழுகு என்றால் தகப்பனில்லாத் தாய் என்று அவர் பொருள் கொண்டார். ஆனால் லியனார்டோ எழுதிய ‘நிப்பியோ’ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பொருள் பருந்து! பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்த அவர், பருந்தின் வாலசைவைக் கூர்ந்து நோக்கியவர். பருந்து பொறாமையால் தன் குஞ்சுகளையே கொத்தும் என்றும் அவரே வேறோரிடத்தில் குறித்திருக்கிறார். அன்புத் தாய்க்கு இது பொருந்துமா?

1956-ல் அமெரிக்கக் கலை ஆராய்ச்சியாளர் மேயர் ஷபீரோ சித்திரத்தையே பரிசோதித்தார். மகளையும் பேரனையும் அன்னாளோடு சேர்த்து அமைப்பதும், அன்னாளை இளமையோடு காட்டுவதும் லியனார்டோவுக்கு முன்பே வழக்கத்திலிருந்தன என்று அவர் காட்டினார். புன்னகையும் புதிதல்ல, லியனார்டோவின் குருவான வெரோக்கியோவின் சிற்பங்களிலேயே அது காணப்படுகிறது.

மனோதத்துவ முறை முழுவதும் பயனற்றதென்று நாம் கூற வரவில்லை. கலைத்திறமையின் தன்மை தம் சாஸ்திரத்துக்கு எட்டாததென்று பிராய்டே அந்நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் மருத்துவர்முன் வந்த நோயாளி மறுமொழி சொல்வான். தவறான யூகத்தை மறுப்பான். ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் இறந்த சைத்ரிகர் மறுக்க மாட்டார். அங்கே யூகத்தைத் தடுக்கக்கூடியவை மூலமொழியும் அக்காலத்து மற்றச் சித்திரங்களுமே. சகாக்களும் குருமாரும் செய்ததையெல்லாம் கழித்த பின்னர் எஞ்சி நிற்பதையே ஒருவருடைய சொந்த உள்ளத்தின் அடையாளமெனக் கொள்ளலாம். அந்தக் கழித்தலைச் செய்யாமல் எழுதப்படும் சரித்திரம், சைத்ரிகருடையதன்று. எழுதியவருடைய கொள்கையின் சரித்திரமேயாகும்.