கல்லாவில் 150 ரூபாய் ஏன் கூடுதலாக இருக்கிறது?

மூன்று நாற்காலி போட்ட சலூன் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு நாற்காலியில் முதலாளியே நிற்கிறார். மற்ற இரண்டில் பாதிப் பங்குக்கு வேலை செய்யும் தம்பிகள். சராசரியாக ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் வேலை நடக்கிறது. செவ்வாய் விடுமுறை போக, மாதத்துக்கு 26 நாள். ஆக 1,56,000 ரூபாய். இதில் 93,600 ரூபாய் ஸ்கேன் செய்து வருகிறது. கார்டில் வருவது 7,800. மீதி ரொக்கம்.

இந்தக் கடைக்கு ஸ்வைப் மெஷின் விற்க வருகிற விற்பனைப் பிரதிநிதி சதவீதத்தைப் பற்றித்தான் பேசுவார். ஆனால் சின்னக் கடைக்குச் சதவீதம் பெரிய விஷயமே இல்லை. யு.பி.ஐ. மூலம் வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது. 2020 ஜனவரி முதல் இதுதான் நிலை. ரூபே டெபிட் கார்டுக்கும் அப்படியே. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது: முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்றுவரவு உள்ள கடைக்கு, மெஷினில் தேய்த்தால் 0.40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டிய கடைக்கு 0.90. கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படி வரம்பு இல்லை. 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கொஞ்சம் பேசிப் பார்க்கவும் இடமுண்டு.

நம் கடையின் 7,800 ரூபாய் கார்டு வரவில் 3,000 டெபிட், 4,800 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், மாதக் கட்டணம் 12 ரூபாயும் 96 ரூபாயும். 2,000 ரூபாய் வரையிலான பில்லுக்கு இந்தக் கட்டணத்தின்மேல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் மொத்தமே 108 ரூபாய்தான். ஆனால் மெஷினுக்கு மாத வாடகை 400 என்றால், வரியோடு 472. இரண்டையும் கூட்டினால் 580. அதாவது 7,800 ரூபாய் வாங்க 580 ரூபாய் செலவு. நூற்றுக்கு ஏழு ரூபாய்க்கு மேல்! இரண்டு சதவீதமா, ஒன்றே முக்காலா என்று பேரம் பேசி மிச்சமாகிற தொகை மாதத்துக்கு ஒரு டீக்கு ஆகும்.

இதே கடையில் தொகையைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்கு 100 ரூபாய் வாடகை, வரியோடு 118. அதன் வழியாக வருவதோ 93,600. நூற்றுக்குப் பதிமூன்று பைசாகூட ஆகவில்லை. இது கட்டாயம் வேண்டும். அது வாங்கித் தரும் நிம்மதிக்கு அந்த வாடகை மலிவு. மெஷினை வைக்கலாமா என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: கார்டு இல்லையென்றால் திரும்பிப் போகிற வாடிக்கையாளர் உண்டா? முடிவெட்ட 150 ரூபாய் தருபவர் போகமாட்டார். மணப்பெண் அலங்காரத்துக்கு எட்டாயிரம் தருபவர் ஒருவேளை போவார். அப்படிப்பட்ட பில் மாதம் இரண்டு மூன்று வந்தால் வாடகை கட்டுப்படியாகும். அதற்குக் கீழே என்றால், ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. செயலியில் இணைத்திருப்பவர்கள் கடையின் கியூ.ஆரிலேயே கட்டிவிட முடியும் என்பதை நினைவில் வைத்தால் போதும். சின்னக் கடைகளுக்கு அதிலும் 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஒன்று மட்டும் செய்யக் கூடாது. டெபிட் கார்டு நீட்டுபவரிடம் ‘சார்ஜ் தனி’ என்று மேலே கேட்பது. அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

பணம் உண்மையில் ஒழுகுவது கட்டணத்தில் அல்ல, இரவுக் கணக்கில். ரொக்கம் மட்டும் இருந்த காலத்தில் கல்லாவை எண்ணினால் அன்றைய கதை முடிந்துவிடும். இப்போது பணம் கல்லாவில் கொஞ்சம், செயலியில் கொஞ்சம், மெஷினில் கொஞ்சம் என்று கிடக்கிறது. அதுவும் வங்கிக்கு வெவ்வேறு நேரத்தில் போகிறது. பலர் செய்வது, மறுநாள் பாஸ்புக்கைப் பார்த்து ‘சரியாத்தான் இருக்கும்’ என்று விடுவது. பாஸ்புக்கில் நேற்றைய வரவெல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக விழுந்திருந்தால், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துப் பார்ப்போம். நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: நேரம், நாற்காலி எண், தொகை, ரொக்கமா ஸ்கேனா கார்டா. அன்று மொத்தம் 11,450. அதில் ரொக்கம் 4,100, ஸ்கேன் 6,750, கார்டு 600.

முதலில் கல்லா. காலையில் சில்லறைக்காக வைத்தது 1,000. டீக்கும் பிளேடுக்கும் எடுத்தது 500. ஆக 4,600 இருக்க வேண்டும். எண்ணினால் 4,750. கூடுதலாக 150. கூடுதல் என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. லாபம் என்று பையில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் கல்லாவில் கூடினால் வேறெங்கோ குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்து செயலி. அன்றைய தேதிக்கு அது காட்டும் மொத்தம் 6,450. நோட்டைவிட 300 குறைவு. இந்த 300 என்கிற எண்ணை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஏனென்றால் அது ஒரே தவறு அல்ல. நோட்டின் ஸ்கேன் வரிகளையும் செயலியின் வரிகளையும் நேரப்படி பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். கால் மணி நேர வேலை. டிக் விழாமல் நிற்பவை மூன்று.

காலை 11.20-க்கு 150. செயலியில் அந்த வரியே இல்லை. வாடிக்கையாளரின் போனில் பணம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்ததால் அவர் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். நோட்டில் ‘ஸ்கேன்’ என்று எழுதியதை யாரும் அடித்து மாற்றவில்லை. கல்லாவில் கூடிய 150-க்கு விடை இதுதான். அடுத்தது மதியம் 1.05. நோட்டில் 150, செயலியில் 200. இரண்டாம் நாற்காலித் தம்பிக்கு 50 ரூபாய் டிப்ஸ் சேர்த்து அனுப்பியிருக்கிறார். மூன்றாவது, மாலை 6.40-க்கு 200. சவுண்ட் பாக்ஸில் சார்ஜ் தீர்ந்திருந்த நேரம். ‘அண்ணே, என் நம்பருக்கே போடச் சொல்லிட்டேன்’ என்கிறார் மூன்றாம் நாற்காலித் தம்பி. 150 குறைவு, 50 கூடுதல், 200 குறைவு. சேர்த்தால் சரியாக 300.

மூன்றாவதில் திருட்டு எதுவும் இல்லை, அவர் அப்போதே சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் டிக் அடிக்காத கடையில் இது மாதக்கணக்கில் நடக்கும், ஒருநாள் சந்தேகமாக வெடிக்கும். நல்ல வேலைக்காரரைக் கடை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

பங்கு கொடுப்பதிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. இரண்டு தம்பிகளும் சேர்ந்து அன்று 7,600-க்கு வேலை செய்தார்கள். பாதி 3,800. டிப்ஸ் 50-ஐக் கூட்டி, போனில் வாங்கிய 200-ஐக் கழித்தால் கொடுக்க வேண்டியது 3,650. கல்லாவில் நாளைய சில்லறைக்கு 1,000 ஒதுக்கினால் இருப்பது 3,750. கொடுத்ததும் முதலாளி கையில் மிஞ்சுவது 100 ரூபாய். மற்றதெல்லாம் போனுக்குள். ரொக்கம் இதைவிடக் குறைகிற நாளில் பங்கே கொடுக்க முடியாது. சில்லறைப் பணத்தில் கைவைக்க வேண்டிவரும், மறுநாள் கல்லாக் கணக்கு அங்கேயே கெடும். பங்கில் ஒரு பகுதியைக் கடைக் கணக்கிலிருந்தே தம்பிகளுக்கு அனுப்புவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

‘பணம் போயிடுச்சுண்ணே, பாருங்க’ என்று நீட்டப்படும் திரையை நம்ப வேண்டாம். அதேபோல் போலியாகத் திரை காட்டும் செயலிகளும் உலவுகின்றன. பெட்டி பேச வேண்டும், அல்லது கடையின் செயலியில் வரி விழ வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வரவில்லை. அவர் கணக்கில் உண்மையாகவே கழிந்து நமக்கு வராமலிருந்தால், ஐந்து நாளைக்குள் அது தானாகவே அவருக்குத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019 முதல் உள்ள விதி. இதைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் சண்டை வராது. அபூர்வமாக அந்தப் பணம் தாமதமாக நமக்கே வந்து சேரும். நோட்டில் இல்லாத ஒரு 150 செயலியில் தெரிந்தால் அது அப்படி வந்ததாக இருக்கலாம். வரவு என்று எழுதாமல் திருப்பிக் கொடுக்கத் தனியே குறித்து வைக்க வேண்டும். காலையில் கடை திறந்ததும் நம் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். கியூ.ஆர். அட்டைமேல் வேறு யாராவது தங்கள் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கார்டு 600 அன்றே சரிபார்க்க எளிது. மெஷின் தரும் அன்றைய மொத்தச் சீட்டில் 600 இருந்தால் போதும். சில மெஷின்களில் இரவில் ‘செட்டில்மென்ட்’ அழுத்தினால்தான் பணம் நகரும். மறந்தால் வங்கிக்கு வராது, வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் கழிந்திருக்கும். வங்கியில் விழுவது 600 அல்ல. 350 கிரெடிட்டுக்கு 7 ரூபாயும் 250 டெபிட்டுக்கு 1 ரூபாயும் கழித்து 592. அதுவும் அடுத்த வேலை நாளில். ஆகவே நோட்டை நேரடியாக வங்கியோடு ஒப்பிடக் கூடாது. இரவில் நோட்டுக்கும் செயலிக்கும். செவ்வாய்க்கிழமை சாவகாசமாகச் செயலி அனுப்பியதாகச் சொல்லும் தொகைக்கும் வங்கியில் விழுந்ததற்கும்.

கடையின் கியூ.ஆரில் சீட்டுப்பணமோ மச்சான் திருப்பித் தரும் கடனோ வாங்காமல் இருப்பது இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது, பயந்து பலர் கியூ.ஆர். அட்டையையே கழற்றினார்கள். சேவைத் தொழிலுக்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம், ரொக்கமும் சேர்த்து. நம் கடை ஆண்டுக்கு 18,72,000-இல் நிற்கிறது. அதன்மேல் ஒன்றரை லட்சம் சீட்டுப்பணம் ஏறினால், வரவெல்லாம் முடிவெட்டியதில் வந்ததல்ல என்று நிரூபிக்கும் வேலை கடைக்காரருடையது. அட்டையைக் கழற்றுவதில் நஷ்டமும் உண்டு. சிறு தொழில்களுக்கான தோராய வருமான வரிக் கணக்கில் ரொக்க வரவில் 8 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்; டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம்தான்.

மாதம் ஒருமுறை மெஷின் நிறுவனம் அனுப்பும் கட்டண அறிக்கையில் டெபிட் வரிகளை மட்டும் பாருங்கள். கழித்த தொகையை பில் தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் 0.40-க்குள் வர வேண்டும், ரூபே என்றால் பூஜ்யம். 0.90 என்று வந்தால் உங்கள் கடையைப் பெரிய கடை என்று பதிந்திருக்கிறார்கள். 2-ஐ ஒட்டி வந்தால் டெபிட்டைக் கிரெடிட் கணக்கில் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும், முந்தைய ஆண்டின் விற்றுவரவைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்து, கூடுதலாகக் கழித்ததைத் திருப்பிக் கேட்கலாம்.